கணினி வந்த வழி – 14: இல்லாத நினைவகத்தை இருப்பதாகக் காட்டியவர்கள்

1950களில் நிரல் எழுதியவர்களுக்குக் கணக்கைவிட இடப் பற்றாக்குறைதான் பெரிய தலைவலி. அன்றைய பெரிய கணினிகளில் இரண்டு வகைச் சேமிப்பு இருந்தது. ஒன்று, பொடிப்பொடியான காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்த கோர் மெமரி. அது வேகமானது, ஆனால் யானை விலை. மற்றொன்று, ஓயாமல் சுழலும் காந்த உருளை. மலிவானது, நிறையக் கொள்ளும். ஆனால் வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். நிரல் கோரில் அடங்காவிட்டால், எழுதியவரே அதைத் துண்டுதுண்டாக வெட்டி, எந்தத் துண்டு எப்போது உருளையிலிருந்து வர வேண்டும், அது வரும்போது எந்தத் துண்டு இடம் விட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நிரலுக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும். இதற்கு ஓவர்லே என்று பெயர். இதில் ஒரு சிறு தப்பு நடந்தாலும், தேவையான துண்டின் மேலேயே வேறொரு துண்டு வந்து உட்கார்ந்துவிடும். விடை தவறாக வரும், ஏன் என்று கண்டுபிடிக்க நாள்கணக்காகும்.

இந்தச் சுமையை மனிதனின் தலையிலிருந்து இறக்கி இயந்திரத்தின் தலையில் வைக்கலாம் என்ற எண்ணம் 1956இலேயே பெர்லினில் ஃப்ரிட்ஸ்-ருடால்ஃப் குன்ட்ஷ் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருக்கிறது. ஆனால் அதை ஓடுகிற இயந்திரமாகச் செய்து காட்டியவர்கள் இங்கிலாந்தில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் இருந்த குழுவினர். ஃபெராண்டி நிறுவனத்துடன் சேர்ந்து அவர்கள் கட்டிய அட்லஸ் கணினியை 1962 டிசம்பர் 7 அன்று சர் ஜான் காக்ராஃப்ட் தொடங்கிவைத்தார்.

அட்லஸின் கோரில் 16,384 சொற்கள். ஒரு சொல்லுக்கு 48 பிட் என்பதால், இன்றைய கணக்கில் 96 கேபி. உருளைகளில் இதைப் போல ஆறு மடங்கு இடம். இரண்டும் வேறு வேறு சாதனங்கள். ஆனால் நிரல் எழுதுகிறவருக்கு அந்த வேறுபாடே தெரியக் கூடாது என்று கில்பர்ன் குழு முடிவு செய்தது. அவருக்குத் தெரிவது ஒரே தொடர்ச்சியான முகவரி வரிசை மட்டும். கோருக்கும் உருளைக்கும் இடையில் தகவலை ஏற்றி இறக்குவது இயந்திரத்தின் பாடு. 1962 ஏப்ரலில் வெளியான அவர்களது ஆய்வுரை இந்த ஏற்பாட்டை ஒற்றை அடுக்குச் சேமிப்பு என்று அழைத்தது. மெய்நிகர் நினைவகம் என்று நாம் இன்று சொல்வது இதைத்தான்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரிப்பது. ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள், அதாவது 3 கேபி. இன்று உங்கள் மடிக்கணினியில் ஒரு பக்கம் பெரும்பாலும் 4 கேபி. அறுபது ஆண்டுகளில் எல்லாமே பல்லாயிரம் மடங்கு பெருத்துவிட்ட துறையில் இந்த ஒரு எண் மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கோரில் 32 பக்கங்களுக்கு இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பதிவேடு. இந்த இடத்தில் இப்போது இருப்பது நிரலின் எத்தனையாவது பக்கம் என்று அதில் எழுதியிருக்கும். நிரல் ஒரு முகவரியைக் கேட்டதும், வன்பொருள் அந்த முகவரியின் பக்க எண்ணை 32 பதிவேடுகளோடும் ஒரே சமயத்தில் ஒப்பிடும். எதிலாவது பொருந்தினால் வேலை அப்படியே தொடரும். எதிலும் பொருந்தாவிட்டால் நிரல் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். மேற்பார்வை நிரல் உள்ளே வந்து, உருளையிலிருந்து அந்தப் பக்கத்தைக் கோருக்குக் கொண்டுவந்து, பதிவேட்டைத் திருத்தி, நின்ற கட்டளையிலிருந்தே நிரலை மறுபடி ஓடவிடும். இடையில் தான் நிறுத்தப்பட்டது நிரலுக்குத் தெரியாது. இந்த நிகழ்வுக்கு இன்று பேஜ் ஃபால்ட் என்று பெயர். ஃபால்ட் என்றாலும் இதில் யாருடைய குற்றமும் இல்லை. அன்றாடம் நடக்கிற வேலைதான்.

ஆனால் வெளியிலிருந்து ஒரு பக்கம் உள்ளே வர, உள்ளே இருக்கும் ஒன்று வெளியேற வேண்டுமே, அது எது? இந்தத் தொடரின் இந்தப் பகுதி முழுக்க இந்த ஒரு கேள்வியின் வரலாறுதான்.

கில்பர்ன் குழு இதற்கு ஒரு கற்றல் நிரல் எழுதியது. 1,024 கட்டளைகளுக்கு ஒருமுறை, எந்தெந்தப் பக்கங்கள் தொடப்பட்டன என்று அது குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு எண்கள்: கடைசியாகத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று, அதற்கு முந்தைய முறை எவ்வளவு நேரம் சும்மா இருந்தது. ஒரு பக்கம் போன முறை 4 அலகு நேரம் சும்மா இருந்தது, இந்த முறை 6 அலகு ஆகியும் யாரும் கேட்கவில்லை என்றால், அதன் வேலை முடிந்துவிட்டது என்று பொருள், வெளியேற்றலாம். அப்படி எதுவும் அகப்படவில்லை என்றால்? ஒரு பக்கம் போன முறை 20 அலகு சும்மா இருந்தது, இப்போது 3 அலகுதான் ஆகியிருக்கிறது. இனி 17 அலகு கழித்துத்தான் தேவைப்படும் என்று ஊகிக்கலாம். இன்னொன்று போன முறை 8, இப்போது 5. அது இன்னும் 3 அலகில் வந்து நிற்கும். முதலாவதை வெளியே அனுப்பிவிடலாம். நிரல்கள் சுழற்சி சுழற்சியாக ஓடும், போன சுற்றில் நடந்ததே இந்தச் சுற்றிலும் நடக்கும் என்ற நம்பிக்கைதான் இதன் அடிப்படை.

இன்னொரு சாமர்த்தியமும் செய்தார்கள். கோரில் ஒரு பக்கத்தின் இடத்தை எப்போதும் காலியாகவே வைத்திருந்தார்கள். புதிய பக்கம் கேட்கப்பட்டதும் அது நேரே காலியிடத்தில் வந்து இறங்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அடுத்து எதை வெளியேற்றுவது என்று கற்றல் நிரல் முடிவு செய்யும். லினக்ஸ் இன்றும் கொஞ்சம் நினைவகத்தை எப்போதும் காலியாக வைத்திருக்க முயல்வது இதே காரணத்துக்காகத்தான்.

காத்திருப்பின் அளவையும் பார்த்துவிடலாம். கோரின் ஒரு சுழற்சிக்கு 2 மைக்ரோ நொடி. உருளை ஒருமுறை சுற்ற 12 மில்லி நொடி. ஆகவே சராசரியாக 6 மில்லி நொடி காத்திருப்பு, பக்கத்தைப் படிக்க இன்னும் 2. மொத்தம் 8 மில்லி நொடி, அதாவது கோரைப் போல 4,000 மடங்கு. இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மான்செஸ்டரில் ஓடிக் காட்டியபிறகும் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கங்களை இயந்திரம் தேர்ந்தெடுப்பதைவிட, நிரலை எழுதியவன் கையால் வெட்டினால்தானே வேகமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். ஐபிஎம்மில் டேவிட் சேர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 1969இல் முடிவை வெளியிட்டார். இயந்திரம் கைவேலைக்குச் சளைக்கவில்லை. 1972இல் ஐபிஎம் தனது சிஸ்டம்/370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தபோது அந்த வாதம் அடங்கியது.

அதற்குள் வேறொரு சிக்கல் முளைத்திருந்தது. ஒரு நிரல் மட்டும் ஓடுகிற இயந்திரத்தில் எதை வெளியேற்றுவது என்பது பக்கங்களைப் பற்றிய கேள்வி. பல நிரல்கள் சேர்ந்து ஓடும்போது அது வேறு கேள்வியாகிவிடுகிறது. அறுபதுகளின் நடுவில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறை பரவியது. செயலி சும்மா இருக்கக் கூடாது, ஒரு நிரல் உருளைக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்று ஓடட்டும் என்று நிரல்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஓரளவு வரை செயலியின் பயன்பாடு ஏறிக்கொண்டே போனது. பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரேயடியாகச் சரிந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, உருளை இரைந்துகொண்டிருந்தது, ஆனால் யாருடைய வேலையும் நகரவில்லை. இதற்கு த்ராஷிங் என்று பெயர் வந்தது.

ஏன் இப்படி என்று விளக்கியவர் எம்ஐடியில் ஆய்வு மாணவராக இருந்த பீட்டர் டென்னிங். 1967இல் கேட்லின்பர்க் நகரில் நடந்த மாநாட்டிலும், 1968இல் வெளியான இரு கட்டுரைகளிலும் அவர் சொன்னது இது. எந்த நிரலும் எந்த நேரத்திலும் தன் எல்லாப் பக்கங்களையும் தொடுவதில்லை. ஒரு சிறு கூட்டத்தையே திரும்பத் திரும்பத் தொடுகிறது. கடந்த சிறிது நேரத்தில் தொடப்பட்ட அந்தப் பக்கங்களின் கூட்டத்தை அவர் வொர்க்கிங் செட் என்றார். அது நினைவகத்துக்குள் இருக்கும்வரை நிரல் ஒழுங்காக ஓடும். இல்லாவிட்டால் ஓடவே ஓடாது.

இதை எண்களில் பார்த்தால் விளங்கும். நினைவகத்தில் 1,000 பக்கங்களுக்கு இடம், ஒவ்வொரு நிரலின் வொர்க்கிங் செட்டும் 90 பக்கம் என்று வையுங்கள். பதினோரு நிரல்கள் 990 பக்கங்களில் நிம்மதியாக ஓடும். பன்னிரண்டாவதைச் சேர்த்தால் தேவை 1,080; பற்றாக்குறை 80. நூற்றுக்கு எட்டுப் பங்கு கூட இல்லையே, எட்டுப் பங்கு மெதுவாகும், அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. பன்னிரண்டாவது நிரல் தனக்கு வேண்டிய பக்கத்தை இன்னொன்றிடமிருந்து பிடுங்குகிறது. பறிகொடுத்த நிரல் சில நொடித் துணுக்குகளில் அதே பக்கத்தைக் கேட்டு வந்து, மூன்றாவது ஒன்றிடமிருந்து பிடுங்குகிறது. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டும் உருளையின் வாசலில் வரிசையில் நிற்கின்றன. செயலிக்கு வேலையில்லை. அதைப் பார்த்த மேற்பார்வை நிரல், செயலி சும்மா இருக்கிறதே என்று பதின்மூன்றாவது நிரலையும் உள்ளே விடுகிறது!

எதை வெளியேற்றுவது என்ற கேள்விக்கு எவ்வளவு நல்ல விடை கண்டாலும் இந்த நோய் தீராது என்பதுதான் டென்னிங்கின் முடிவு. ஐபிஎம்மின் லாஸ்லோ பெலடி 1966இலேயே, வருங்காலத்தை முழுதாக அறிந்த ஒரு கற்பனை முறையை அளவுகோலாக வைத்துப் பல முறைகளை ஒப்பிட்டிருந்தார். கில்பர்னின் கற்றல் நிரல் அந்த ஒப்பீட்டில் சோபிக்கவில்லை. சுழற்சி ஒழுங்காக இல்லாத நிரல்களில் அதன் ஊகம் தவறியது. அண்மையில் தொடாததை வெளியேற்று என்ற எளிய முறையே மேலாக நின்றது. ஆனால் இடமே போதாதபோது வருங்காலம் தெரிந்தாலும் பயன் இல்லை. பன்னிரண்டாவது நிரலை வாசலிலேயே நிறுத்தி வைப்பதுதான் மருந்து.

யூனிக்ஸ் இந்தப் பாதையில் தாமதமாகவே வந்து சேர்ந்தது. அதன் தொடக்ககாலப் பதிப்புகள் பக்கம் பக்கமாக அல்ல, ஒரு நிரலை முழுதாகவே வட்டுக்கு அனுப்பி, முழுதாகவே திரும்பக் கொண்டுவந்தன. ஸ்வாப்பிங் என்ற பெயர் அப்போது அதற்குத்தான். 1979இன் இறுதியில் பெர்க்லியில் ஒஸால்ப் பாபாவ்லுவும் பில் ஜாயும் வாக்ஸ் கணினிக்காக அதைப் பக்கமுறைக்கு மாற்றினார்கள். வாக்ஸில் ஒரு பெரிய குறை: ஒரு பக்கம் தொடப்பட்டதா என்று காட்டும் பிட் வன்பொருளிலேயே கிடையாது. அவர்கள் செய்த தந்திரம் அழகானது. நினைவகத்தில் இருக்கிற பக்கத்தையே இல்லை என்று பொய்யாகக் குறித்து வைப்பார்கள். நிரல் அதைத் தொட்டதும் பேஜ் ஃபால்ட் வரும். அப்போது, ஓ, இது பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு சுற்று முழுக்க யாரும் தொடாதது வெளியேறும். பக்கங்கள் போய்த் தங்கும் சாதனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் `/dev/drum`. பெர்க்லி இயந்திரங்களில் அப்போது உருளை எதுவும் இல்லை, வட்டுகள்தான்.

லினக்ஸுக்கு இது வந்த கதை சிறியது. 1991இன் கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர், தன் கணினியில் 2 எம்பி நினைவகம்தான் இருக்கிறது, கெர்னலைக் கம்பைல் செய்யப் போதவில்லை என்று லினஸ் டோர்வால்ட்ஸுக்கு எழுதினார். கிறிஸ்துமஸ் நாட்களில் உட்கார்ந்து டோர்வால்ட்ஸ் பக்கங்களை வட்டுக்கு அனுப்பும் பகுதியை எழுதினார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது சேர்ந்தது. மினிக்ஸிடம் இல்லாத ஒன்று லினக்ஸிடம் இருக்கிறது என்று பலர் திரும்பிப் பார்த்ததற்கு அது ஒரு காரணம்.

ஸ்வாப்பைப் பற்றிய குழப்பங்கள் தொடங்குவதும் இங்கேதான். லினக்ஸின் நினைவகத்தில் இரண்டு வகைப் பக்கங்கள் இருக்கின்றன. முதல் வகை, ஏதோ ஒரு கோப்பின் நகல்: ஓடுகிற நிரலின் கட்டளைகள், திறந்து படித்த ஆவணங்கள். இவற்றின் மூலம் வட்டில் ஏற்கெனவே இருப்பதால், மாற்றம் எதுவும் இல்லையென்றால் அப்படியே கைவிடலாம். வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். இரண்டாவது வகை, நிரல் ஓடும்போது தானாக உருவாக்கிக்கொண்ட தகவல்: உலாவியில் திறந்திருக்கும் தாவல்களின் உள்ளடக்கம், தரவுத்தளத்தின் தற்காலிகக் கணக்குகள். இவற்றுக்குப் பின்னால் எந்தக் கோப்பும் இல்லை. கெர்னல்காரர்கள் இவற்றை அனானிமஸ் பக்கங்கள் என்கிறார்கள். இவற்றை வெளியேற்ற ஒரே வழி ஸ்வாப். ஸ்வாப் என்பது வீட்டின் பரண் மாதிரி: அன்றாடம் புழங்காத பொருளை அங்கே ஏற்றிவிட்டால் கூடத்தில் நடமாட இடம் கிடைக்கும்.

ஸ்வாப்பே வேண்டாம் என்று அணைத்துவைப்பவர்கள் இந்த இரண்டாம் வகையை நினைவகத்தில் ஆணியடித்து நிறுத்திவிடுகிறார்கள். மூன்று நாளாக யாரும் தொடாத தகவலானாலும் அது நகராது. நெருக்கடி வரும்போது கெர்னலுக்குக் கைக்கு எட்டுவது முதல் வகை மட்டும். கோப்பு நகல்களை எல்லாம் கைவிட்டபின், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கட்டளைப் பக்கங்களையே அது கைவிடத் தொடங்கும். அடுத்த கணமே அவை மறுபடி வட்டிலிருந்து படிக்கப்பட வேண்டும். ஆக, ஸ்வாப் ஒரு பைட் கூட இல்லாத கணினியிலும் த்ராஷிங் வரும். சுட்டி அசையாமல் நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கும். ஸ்வாப்தான் கணினியை மெதுவாக்குகிறது என்று சொல்லி அதை அணைத்துவைக்கும் அறிவுரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இரண்டு வகைகளில் எதில் முதலில் கைவைப்பது? இந்தத் தேர்வுக்கான திருகுதான் ஸ்வாப்பினெஸ். ஆண்ட்ரூ மார்ட்டன் கொண்டுவந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலோடு எல்லாருக்கும் கிடைத்தது. எதுவும் மாற்றாவிட்டால் அதன் மதிப்பு 60. அன்றைய கெர்னலில் முடிவு இந்த ஒரு வரியில் இருந்தது:

```
swap_tendency = mapped_ratio / 2 + distress + vm_swappiness;
```

இந்தக் கூட்டுத்தொகை 100ஐத் தொட்டால், நிரல்களின் பக்கங்கள்மீதும் கை வைக்கலாம் என்று பொருள். முதல் உறுப்பு, நினைவகத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிரல்களின் பிடியில் இருக்கிறது என்பதன் பாதி. இரண்டாவது, இடம் தேடுவதில் கெர்னல் எவ்வளவு திணறுகிறது என்பது. திணறல் இல்லாதபோது 0. நெருக்கடி இல்லாத ஒரு கணினியில் நினைவகத்தின் 80 பங்கு நிரல்களிடம் இருந்தால், 40 + 0 + 60 = 100. ஆக, அந்தக் காலத்தில் 60 என்பதற்கு, நிரல்கள் 80 பங்கை எட்டும்வரை அவற்றைத் தொடாதே என்று பொருள் வந்தது.

60 என்று வைத்தால் நினைவகம் 40 பங்கு மிச்சமிருக்கும்போதே ஸ்வாப் தொடங்கும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அன்றும் அது சரியல்ல, இன்று கொஞ்சமும் சரியல்ல. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கெர்னல் அந்தச் சூத்திரத்தையே தூக்கிவிட்டது. ரிக் வான் ரீல் இரண்டு வகைப் பக்கங்களையும் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்தார். அதன்பின் ஸ்வாப்பினெஸ் ஒரு எடை மட்டுமே: அனானிமஸ் பக்கங்களுக்கு 60, கோப்புப் பக்கங்களுக்கு 200இலிருந்து அதைக் கழித்த 140. இடம் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்பதை அது சொல்லும். தேட வேண்டிய நேரம் எப்போது என்பதில் அதற்குப் பங்கே இல்லை. காலி இடம் நிறைய இருக்கும் கணினியில் இதை 100 என்று வைத்தாலும் எதுவும் நடக்காது.

2004இல் இதைப் பற்றிக் கெர்னல் எழுதுவோரிடையே ஒரு சுவையான சண்டை நடந்தது. மேசைக்கணினிக்காரர்கள் ஸ்வாப்பினெஸைக் குறைக்கச் சொன்னார்கள். இரவில் ஏதோ கோப்புகளை நகலெடுக்கும் வேலை ஓடுகிறது. காலையில் வந்து உலாவியைத் தொட்டால் அது விழித்தெழச் சில நொடிகள் ஆகின்றன என்பது அவர்கள் புகார். மார்ட்டனோ தன் கணினியில் 100 வைத்திருப்பதாகச் சொன்னார். யாரும் தொடாத நூற்றுக்கணக்கான எம்பியை எதற்கு நினைவகத்தில் சுமக்க வேண்டும், வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தை உருப்படியாகப் பயன்படுத்தலாமே என்பது அவர் கட்சி. கணக்கின்படி மார்ட்டன் சொன்னதுதான் சரி. ஆனால் காலையில் காத்திருக்கிறவனின் எரிச்சல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

0 என்று வைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2012இல் வந்த 3.5 கெர்னலிலிருந்து, 0 என்றால் காலி இடமும் கோப்புப் பக்கங்களும் ஏறக்குறைய தீர்ந்துபோகும்வரை ஸ்வாப்பைத் தொடவே தொடாது. பழைய பொருளை நம்பி 0 வைத்திருந்த தரவுத்தளச் சர்வர்களில், ஸ்வாப்பில் இடம் இருக்கும்போதே கெர்னல் தரவுத்தளத்தைக் கொன்றுவிட்ட அனுபவங்கள் உண்டு. குறைவாக வேண்டுமென்றால் 1 அல்லது 10 வைக்கலாம். 0 வேண்டாம்.

சரி, ஸ்வாப் எப்போது உண்மையிலேயே கேடு செய்கிறது? இங்கே அந்தப் பழைய விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய ரேமில் ஒரு தகவலைத் தொட ஏறத்தாழ 100 நானோ நொடி. சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க 10 மில்லி நொடி. விகிதம் ஒரு லட்சம். அட்லஸில் 4,000ஆக இருந்தது இது! அறுபது ஆண்டுகளில் நினைவகம் வேகமாக ஓடியது, வட்டு பின்தங்கியது. லட்சம் தொடுகைகளில் ஒன்றே ஒன்று ஹார்ட் டிஸ்க்குப் போனாலும், சராசரி நேரம் 100 நானோ நொடியிலிருந்து 200ஆகிவிடும். நிரலின் வேகம் பாதியாகும். எஸ்எஸ்டியில் ஒரு பக்கத்துக்கு 100 மைக்ரோ நொடி என்று கொண்டால் விகிதம் 1,000. ஆயிரத்தில் ஒன்று போனால்தான் வேகம் பாதியாகும். இரண்டாயிரங்களில் கணினி வாங்கியவர்கள் ஸ்வாப்பை வெறுத்ததும், கில்பர்ன் அதைக் கண்டு அஞ்சாததும் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கின்றன.

ஆகவே ஸ்வாப்பில் எவ்வளவு கிடக்கிறது என்பது பார்க்க வேண்டிய எண் அல்ல. போனது திரும்ப வருகிறதா என்பதே பார்க்க வேண்டியது. 8 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப்பும் உள்ள ஒரு சர்வரில் `vmstat 1` கட்டளை காட்டக்கூடிய இரண்டு வரிகளைப் பாருங்கள். வேண்டாத நெடுவரிசைகளை விட்டுவிட்டேன்:

```
 r  b    swpd    free   cache    si    so  us sy id wa
 1  0 1468000  212000 3105000     0     0  12  3 85  0
 2  9 3920000   61000  184000  2980  3410   4 11  3 82
```

முதல் வரியில் ஸ்வாப்பில் 1.4 ஜிபி கிடக்கிறது. பார்த்தவுடன் பலருக்குப் பதற்றம் வரும். ஆனால் உள்ளே வருவதைக் காட்டும் si, வெளியே போவதைக் காட்டும் so இரண்டும் 0. எப்போதோ ஓரங்கட்டப்பட்ட பக்கங்கள் அங்கே தூங்குகின்றன. அந்த இடத்தில் 3 ஜிபி கோப்பு நகல்கள் உட்கார்ந்து சர்வரை வேகப்படுத்துகின்றன. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

இரண்டாவது வரியில் டென்னிங்கின் நோய் முற்றியிருக்கிறது. நொடிக்கு 2,980 கேபி உள்ளே வருகிறது. 4 கேபிப் பக்கங்களில் சொன்னால் சுமார் 745. ஒரு தேடலில் எட்டுப் பக்கங்களைச் சேர்த்துப் படிப்பது கெர்னலின் வழக்கமான அமைப்பு என்பதால், இது நொடிக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் தேடல். ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் வரம்பே அவ்வளவுதான். அதே வட்டில் வெளியே போவதும் நடக்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒருசேரப் பெரிதாக இருப்பதுதான் முக்கிய அறிகுறி: வெளியேற்றியது உடனே திரும்பக் கேட்கப்படுகிறது. b நெடுவரிசையில் 9 நிரல்கள் வட்டின் வாசலில் நிற்கின்றன, செயலியின் நேரத்தில் 82 பங்கு காத்திருப்பு. கோப்பு நகல்களும் 184 எம்பிக்கு வற்றிவிட்டன. இந்த நிலையில் ஸ்வாப்பினெஸை 60இலிருந்து 10க்குக் குறைத்தால் கைவிட வேறு எதுவும் இல்லை. 100க்கு ஏற்றினாலும் பயன் இல்லை. ஒரு நிரலை நிறுத்த வேண்டும், அல்லது ரேம் வாங்க வேண்டும்.

ஒரு நொடிக் காட்சியை வைத்து முடிவு கட்டவும் கூடாது. பெரிய வேலை ஒன்று தொடங்கும்போது so சில நொடிகள் எகிறி அடங்கினால், அது பரணில் பொருள் ஏற்றும் வேலைதான். si நிமிடக்கணக்கில் இறங்காமல் நின்றால்தான் கவலை.

2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னல், இந்த ஊகத்துக்கே தேவையில்லாமல் நேரடியாக அளக்கும் ஒன்றைத் தந்தது. ஜோஹன்னஸ் வைனர் எழுதியது. `/proc/pressure/memory` என்ற கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

```
some avg10=38.20 avg60=31.75 avg300=12.40 total=84512307
full avg10=24.61 avg60=19.08 avg300=7.33 total=51200984
```

கடந்த 10 நொடியில் 38 பங்கு நேரம், குறைந்தது ஒரு நிரலாவது நினைவகத்துக்காக முடங்கிக் கிடந்தது என்கிறது முதல் வரி. 24 பங்கு நேரம், வேலை இருந்த எல்லா நிரல்களுமே முடங்கிக் கிடந்தன என்கிறது இரண்டாவது. இரண்டாவது வரி தொடர்ந்து சுழியத்துக்கு மேலே நின்றால் வேலை உண்மையாகவே இழக்கப்படுகிறது என்று அர்த்தம். எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்கா, ஸ்வாப்பா கோப்பா என்ற கேள்வியெல்லாம் இங்கே எழுவதில்லை. இழந்த நேரம் மட்டுமே கணக்கு. இதே வைனர்தான் 2014இல், கைவிட்ட பக்கம் எவ்வளவு சீக்கிரம் திரும்பக் கேட்கப்படுகிறது என்று கணக்கு வைக்கும் பகுதியைக் கெர்னலில் சேர்த்தவர். அந்தக் கோப்பின் பெயர் `workingset.c`.

அவரே 2020இல், 5.8 பதிப்பில், ஸ்வாப்பினெஸின் உச்ச வரம்பை 100இலிருந்து 200க்கு ஏற்றினார். அதுவரை கோப்பைவிட ஸ்வாப்பை விரும்பு என்று கெர்னலிடம் சொல்ல வழியே இல்லாமல் இருந்தது. ஸ்வாப் எப்போதும் வட்டில்தான் இருக்கும், அது கோப்பைவிட வேகமாக இருக்கவே முடியாது என்ற எண்ணம்தான் காரணம். இசட்ரேம் அதை மாற்றிவிட்டது. பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல், சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைப்பது அது. விரித்தெடுக்க வட்டைத் தொட வேண்டியதில்லை. இந்த ஸ்வாப், கோப்புகள் இருக்கும் வட்டைவிட இரண்டு மடங்கு வேகம் என்றால், 200ஐ ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்து 133 வைக்கச் சொல்கிறது கெர்னலின் கையேடு. அமைப்பது ஒரு வரிதான்:

```
sysctl vm.swappiness=133
```

மறுபடி தொடங்கினாலும் நிலைக்க வேண்டுமென்றால் `vm.swappiness=133` என்பதை `/etc/sysctl.d/` கோப்புறையில் `.conf` என்று முடியும் ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஸ்வாப் என்பது பெரும்பாலும் இந்தச் சுருக்கிய மூலைதான். ஃபிளாஷ் நினைவகம் ஓயாத எழுத்தில் தேய்ந்துபோகும் என்பதால் அங்கே பக்கங்களை எழுதத் தயங்குகிறார்கள். அங்கும் இடம் தீர்ந்தால் டென்னிங் சொன்ன மருந்துதான். பின்னணியில் கிடக்கும் நிரல்களில் ஒன்றை, உங்களைக் கேட்காமலே கைப்பேசி நிறுத்திவிடும். சற்றுமுன் பாதியில் விட்டுவந்த நிரல், திரும்பத் திறக்கும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது அதனால்தான்.